பாலில் உப்புக் கரித்தால் மடியைப் பாருங்கள்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். ஒடுகத்தூர் பக்கத்தில் இருக்கிறோம். மூன்று ஜெர்சி கலப்பு மாடுகள். அதில் ஒன்று, பொய்கை சந்தையில் சினையாக வாங்கியது, கன்று போட்டு மூன்று மாதம் ஆகிறது. நாளுக்கு 11 லிட்டர் கறந்தது, இப்போது 8 தான். தீனி நன்றாகத் தின்கிறது, மடியில் வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் பால் உப்புக் கரிக்கிறது என்று பிள்ளை சொல்கிறான். இரண்டு தடவை காய்ச்சும்போது திரிந்தும் போனது. சொசைட்டியில் எஸ்.என்.எஃப். குறைவு, தண்ணீர் கலந்தீர்களா என்று கேட்கிறார்கள். ஊர்க் கறவைக்காரர் ஐந்தாறு வீட்டில் கறந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவார். பக்கத்து வீட்டுக்காரர் மெடிக்கலில் ட்யூப் வாங்கி நாலு காம்பிலும் ஏற்றிவிடச் சொல்கிறார். ஏற்றலாமா?

பதில்: இப்போதைக்கு ஏற்றாதீர்கள் அம்மா. எந்தக் காம்பில் நோய் இருக்கிறது என்று தெரியாமல் நாலிலும் மருந்து ஏற்றினால், நல்லாயிருக்கிற காம்புக்கும் ட்யூப் முனை வழியாக நாமே கிருமியை உள்ளே தள்ளிவிடலாம். முதலில் எந்தக் காம்பு என்று கண்டுபிடிப்போம். அதற்கு ஆகிற செலவு ஒரு கைப்பிடி சலவைத்தூள்தான்.

உங்கள் பிள்ளையின் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. மடிக்குள் பால் ஊறுகிற இடத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவே மெல்லிய செல் வரிசை ஒன்று இருக்கிறது. கிருமி போய் அதைப் புண்ணாக்கினால் இரண்டு காரியம் நடக்கும். பாலுக்கு இனிப்பைத் தருகிற லாக்டோஸ் குறையும். ரத்தத்திலுள்ள உப்பு பாலுக்குள் கசியும். அதனால்தான் நாக்கில் கரிக்கிறது. லாக்டோஸும் பால் புரதமும் குறைவதால் கொழுப்பில்லாத திடப்பொருளும், அதாவது எஸ்.என்.எஃப்.பும் குறைகிறது, லாக்டோமீட்டர் கீழே இறங்குகிறது, சொசைட்டியில் உங்கள் மேல் சந்தேகப்படுகிறார்கள். தண்ணீரே கலக்காத வீட்டுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். வெயில் காலத்தில் மாடு தீனி குறைத்தாலும், அடர்தீவனம் போதாவிட்டாலும் எஸ்.என்.எஃப். இறங்கும் என்பதால், அதை மட்டும் வைத்து மடிநோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உப்பு, திரிதல், மூன்று லிட்டர் குறைவு மூன்றும் சேர்ந்து வந்திருக்கின்றன. இது பெரும்பாலும் வெளியே தெரியாத மடிநோய். வீக்கம் வந்து மடி கல்லாகிப் போன மாட்டை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த மறைவான வகையில் மாடு வழக்கம்போல மல்லாட்டைக் கொடியைத் தின்றுகொண்டு நிற்கும், மடியும் அழகாக இருக்கும், பால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

சரி, சோதனைக்கு வருவோம். அரை லிட்டர் வெந்நீரில் 15 கிராம் சலவைத்தூளைக் கரைத்து, நுரை அடங்க ஆறவிடுங்கள். ஒரே அளவுள்ள வெள்ளைக் கிண்ணம் நாலு வேண்டும். கப் ஐஸ்கிரீம் டப்பா கழுவி வைத்தது இருந்தாலும் போதும். அவற்றில் முன் வலது, முன் இடது, பின் வலது, பின் இடது என்று எழுதிவிடுங்கள். எழுதாமல் செய்தால் குழப்பம்தான் வரும். கறப்பதற்கு முன்னால், காம்பைச் சுத்தம் செய்து துடைத்த பிறகு, ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சலை வேறு டப்பாவில் தள்ளிவிட்டு, அடுத்து வருகிற பாலில் இரண்டு ஸ்பூன் அளவு அந்தந்தக் கிண்ணத்தில் பிடியுங்கள். அதே அளவு சலவைத்தூள் தண்ணீரை ஊற்றி, கிண்ணத்தைக் கையில் வைத்து வட்டமாக ஒரு நிமிஷம் மெல்லச் சுழற்றுங்கள்.

நல்ல காம்பின் பால் தண்ணீராகவே ஓடும். நோய் உள்ள காம்பின் பால், சுழற்றச் சுழற்றக் கெட்டிப்பட்டு, கிண்ணத்தின் நடுவில் திரண்டு நிற்கும். சாய்த்து ஊற்றினால் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஒரே கட்டியாக வழுக்கி இறங்கும். நடுத்தரமானது ஒன்று உண்டு: லேசாகக் கொழகொழவென்று ஆகி, இன்னும் கொஞ்சம் சுழற்றினால் மறைந்துவிடும். அதைச் சந்தேகக் காம்பு என்று குறித்துக்கொண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

கிருமி நுழைந்த மடிக்கு, அதோடு சண்டை போட ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் லட்சக்கணக்கில் வந்து சேர்கின்றன. சலவைத்தூள் அந்த அணுக்களை உடைக்கிறது. உள்ளே இருக்கிற மரபுப் பொருள் வெளியே வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. அதுதான் கொழகொழப்பு. அணு எவ்வளவு அதிகமோ அவ்வளவு கெட்டி. இதில் ஒரு எல்லையும் இருக்கிறது. கன்று போட்ட முதல் வாரத்திலும், வற்றப்போகிற மாட்டிலும் நல்ல மடியிலேயே அணு கூடுதலாக இருக்கும், அப்போது இந்தச் சோதனை ஏமாற்றும். உங்கள் மாடு மூன்று மாதக் கறவை, அந்தக் கவலை இல்லை. மூன்று மாட்டையும், 12 காம்பையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள். சந்தை மாடு ஒன்றை மட்டும் பார்த்து நிறுத்த வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் நான் வேலை பார்த்தபோது ஒரு வீட்டில் நாலு கறவை மாடு. அந்த வீட்டு ஆயாதான் கறப்பார். பால் குறைகிறது என்று கூப்பிட்டது ஒரு மாட்டுக்காக. நான் 16 கிண்ணம் வைத்துப் பார்த்தேன். அந்த மாட்டில் பின் காம்பு இரண்டும் கெட்டிப்பட்டன. பக்கத்தில் கட்டியிருந்த, நன்றாகக் கறக்கிறது என்று அவர்கள் நம்பியிருந்த மாட்டில் முன் இடது காம்பும் கெட்டிப்பட்டது. கொட்டாய் சுத்தமாகத்தான் இருந்தது, சாணி அள்ளி, தண்ணீர் ஊற்றிப் பெருக்கியிருந்தார்கள். அப்படியானால் எப்படிப் பரவியது என்று நான் நின்று கறவையைப் பார்த்தேன். கொட்டாய் மூங்கிலில் ஒரு பழைய துண்டு தொங்கியது. ஆயா அதை வாளித் தண்ணீரில் நனைத்து முதல் மாட்டின் மடியைத் துடைத்தார், அதே வாளியில் அலசி, இரண்டாவது மாட்டைத் துடைத்தார், அப்படியே நாலாவது வரைக்கும். அதோடு காம்பு வழுக்கட்டும் என்று கறந்த பால் நுரையில் விரலைத் தோய்த்துத் தோய்த்துக் கறந்தார். இத்தனை வருஷமாக அக்கறையோடு செய்த வேலைதான் நோயை ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறது. அதைச் சொன்னபோது அவர் முகம் வாடிப்போனது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

இப்படிக் கையோடும் துணியோடும் பயணம் செய்கிற கிருமிகளில் முக்கியமானது ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ். அது நோயுள்ள மடியிலும் காம்புப் புண்ணிலும் குடியிருக்கும், கறவை நேரத்தில்தான் இடம் மாறும். இன்னொரு வகை ஈ.கோலி மாதிரி சாணியில் இருப்பது. அது கறவைக்காரர் கையை எதிர்பார்ப்பதில்லை, மாடு ஈரத்தில் படுக்கும்போது ஏறிக்கொள்ளும். உங்கள் வீட்டில் முதல் வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து வந்த மாடு ஒன்று, பல வீட்டு மடியைத் தொட்டு வருகிற கை ஒன்று, இரண்டும் இருக்கின்றன. இனிமேல் சந்தையில் மாடு வாங்கினால், கறவை மாடாக இருந்தால் வந்த அன்றே, சினை மாடாக இருந்தால் கன்று போட்டு ஒரு வாரம் கழித்து, நாலு காம்பையும் கிண்ணத்தில் பார்த்துவிடுங்கள். அதுவரைக்கும் அதைக் கடைசியாகக் கறக்க வேண்டும். சந்தையில் மடி பெரிதாகத் தெரியட்டும் என்று கறக்காமல் ஓட்டி வருவதும் உண்டு. பால் கட்டி நின்ற மடியில் கிருமி சுலபமாகப் பிடிக்கும்.

கெட்டிப்பட்ட காம்பு தெரிந்த பிறகு மருத்துவரைக் கூப்பிடுங்கள். மருந்து போடுவதற்கு முன்பே அந்தக் காம்பின் பால் மாதிரி எடுத்து, மாவட்டத்திலுள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிந்துவிடும். முதலிலேயே ஏதோ ஒரு ட்யூபை ஏற்றிவிட்டால் அந்தச் சோதனையில் கிருமி வளராமல் போய்விடலாம். மருத்துவர் ட்யூப் கொடுத்தால், பாலை முழுதாகக் கறந்துவிட்டு, காம்பின் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ட்யூபின் முனையை முழுதும் நுழைக்காமல் நுனி மட்டும் உள்ளே போகிற அளவு வைத்து அழுத்த வேண்டும். சொன்ன நாள் முழுக்கப் போட வேண்டும். இரண்டாம் நாளே பால் வெளுத்துவிட்டது என்று நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. அப்போது மடிக்குள் மிஞ்சிய கிருமி அடுத்த மாதம் திரும்பி வரும்.

மருந்து நாளிலும், அதன் பிறகு ட்யூப் அட்டையில் போட்டிருக்கிற நாள் வரைக்கும் அந்த மாட்டின் பாலை, நல்ல காம்புப் பாலையும் சேர்த்து, சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. வீட்டிலும் குடிக்கக் கூடாது. மருந்து நாலு காம்புக்கும் ரத்தம் வழியாகப் போகும். அந்தப் பாலில் உறை ஊற்றினால் சில சமயம் தயிர் தோயாமல் நீர்த்துக் கிடக்கும். உறையிலுள்ள நல்ல நுண்ணுயிரையே மருந்து கொன்றுவிடுவதுதான் காரணம். அதைக் கண்ணால் பார்த்த பெண்கள் பிறகு ஒரு நாளும் அந்தப் பாலை ஊற்றியதில்லை.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துப் பூசுகிற மருத்துவத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கால்நடைப் பல்கலைக்கழகமே பரிந்துரைப்பது அது. சிவப்பாக வருகிற விழுதில் ஒரு கை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மடி முழுக்க ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை, ஐந்து நாள் பூசுவார்கள். செய்யுங்கள், நானும் சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் பாலைக் கறந்து காலி செய்துவிட்டுப் பூச வேண்டும். ஆனால் பூசிய பிறகும் கிண்ணத்தில் பார்த்தே தீர வேண்டும். மடி மெத்தென்று ஆகிவிட்டது, அதனால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த அணைக்கட்டு வீட்டில் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பின் காம்பும் போயிருந்த மாடு ஏழு மாதச் சினை. அதை உடனே வற்றவிட்டு, கடைசிக் கறவைக்குப் பிறகு நாலு காம்பிலும் வற்றுகால ட்யூப் ஏற்றினேன். ஆரியஸ் கிருமி மடித் திசுவுக்குள் சுவர் கட்டிக்கொண்டு ஒளிந்திருப்பதால், கறவை நாளில் மருந்து அதைச் சரியாகத் தொடாது. வற்றுகாலத்தில் மருந்து பல வாரம் உள்ளேயே நிற்பதால் குணமாகிற வாய்ப்பு அதிகம். அது அடுத்த ஈற்றில் மூன்று காம்பில் சுத்தமான பால் கொடுத்தது. நாலாவது காம்பு மறுபடியும் கெட்டிப்பட்டது. அதை மீட்க முடியவில்லை, அந்தக் காம்பை நிரந்தரமாக வற்றவிட்டோம். இரண்டாவது மாட்டின் முன் காம்பு மருந்துக்குக் கேட்டது. புதிதாக வேறு எந்த மாட்டிலும் நோய் வரவில்லை, அதற்குக் காரணம் மருந்து இல்லை, ஆயா கறக்கிற முறையை மாற்றியதுதான்.

அந்த முறை என்ன என்பதை உங்கள் கறவைக்காரருக்குப் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். வாசலிலேயே ஒரு சொம்பு தண்ணீரும் சோப்பும் வைத்து, “அண்ணே, கையைக் கழுவிட்டு வாங்க” என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் நடுவிலும் கை கழுவ வேண்டும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். நோயில்லாத மாட்டை முதலிலும், கிண்ணத்தில் கெட்டிப்பட்ட மாட்டைக் கடைசியிலும் கறக்க வேண்டும். அந்த மாட்டிலும் நல்ல காம்புகளை முடித்துவிட்டு நோய்க் காம்பை இறுதியாகக் கறந்து, அந்தப் பாலைத் தனி டப்பாவில் பிடித்து, கொட்டாய்க்கு வெளியே குழியில் ஊற்றிவிடுங்கள். தரையில் பீச்சினால் மாடு அதன் மேலேயே படுக்கும்.

மடியை முழுசாகக் குளிப்பாட்ட வேண்டியதில்லை. மேலே ஊற்றிய தண்ணீர் அழுக்கைச் சேர்த்துக்கொண்டு காம்பு நுனிக்கு வழிந்து, கறக்கிறவர் கை வழியாகப் பாலுக்குள்ளும் போகும். காம்பை மட்டும் கழுவி, உடனே உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பழைய பருத்திப் புடவையை முழத் துண்டுகளாகக் கிழித்து, மாட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் வெந்நீரில் அலசி வெயிலில் போட்டால் போதும், வேலூர் வெயில் ஒரு மணி நேரத்தில் காயவைத்துவிடும். அப்புறம் முதல் இரண்டு பீச்சலை, வாயில் கறுப்புத் துணி கட்டிய டப்பாவில் தள்ளுங்கள். திப்பியோ, நூல் மாதிரி வெள்ளையோ, தண்ணீர் மாதிரிப் பாலோ இருந்தால் கறுப்பில் பளிச்சென்று தெரியும். தினமும் பார்க்கிற கண்ணுக்கு இது அரை நிமிஷ வேலை.

கட்டைவிரலை மடக்கி, அதன் கணுவில் காம்பை வைத்து நசுக்கிக் கறப்பதுதான் நம் பக்கம் பழக்கம். வேகமாக வரும், ஆனால் காம்பின் உள்பக்கம் நாள்பட நைந்துபோகும். அந்த இடத்தில்தான் கிருமி முதலில் ஒட்டும். முழுக் கையால், மேல் விரலிலிருந்து கீழ் விரல் வரை வரிசையாக அழுத்திக் கறக்கச் சொல்லுங்கள். பால் நுரை தொட்டுக் கறப்பதை நிறுத்த வேண்டும். காய்ந்த கையால் கறப்பதே நல்லது. சுரப்பு விட்ட பிறகு ஆறேழு நிமிஷத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் மாடு பாலை மேலே ஏற்றிக்கொள்ளும், மடியில் மிச்சம் நிற்கும்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். காம்பின் நுனியில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சிறு குழாய் இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு தசை வளையம். கறந்து முடித்தவுடன் அந்த வாசல் திறந்தபடியே இருக்கும், இறுக மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மாடு சாணியிலும் மூத்திரத்திலும் படுத்தால் கிருமிக்கு நேர் வழி கிடைக்கிறது. ஆகவே தீனியைக் கறப்பதற்கு முன் போடாதீர்கள். கறந்து முடித்ததும் தொட்டியில் தவிடும் புண்ணாக்கும், மேலே கொஞ்சம் பசும்புல்லும் போடுங்கள். மாடு நின்றபடி தின்றுகொண்டிருக்கும், வாசல் தானாக மூடிவிடும். கறக்கும்போது மாடு அடங்கி நிற்கக் கொஞ்சம் கையில் கொடுத்து, மீதியைப் பிறகு வைத்தாலும் சரி.

அதோடு கூடவே, ஒவ்வொரு காம்பையும் அயோடின் கரைசலில் தோய்க்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கிற 5 சதவீதப் போவிடோன் அயோடின் மூன்று பங்கு, கிளிசரின் ஒரு பங்கு. கிளிசரின் சேர்த்தால்தான் காம்புத் தோல் வெடிக்காது. ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, காம்பின் முக்கால் பாகம் மூழ்கும்படி தூக்கிக் காட்டி எடுங்கள். மேலே தெளித்தால் பின்பக்கம் நனையாமல் போகும். தோய்த்த மீதியைத் திரும்ப பாட்டிலில் ஊற்றக் கூடாது. அடுத்த வேளை கறப்பதற்கு முன் காம்பைக் கழுவித் துடைத்துவிட்டால் பாலில் அயோடின் சேராது.

கன்று விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. கறந்து முடித்த பிறகு கன்றை விட்டால் அது அயோடினை நக்கிவிடும், அதன் எச்சில் திறந்த வாசலில் படும். கன்றுக்கு உரிய பாலை முதலிலேயே ஊட்டவிட்டு, அது சுரப்பு விடச் செய்ததும் பிரித்துக் கட்டி, காம்பைக் கழுவித் துடைத்துக் கறந்து, கடைசியில் தோய்த்துவிடுங்கள். நோய்க் காம்பில் கன்றை விடாதீர்கள். அதே கன்று அடுத்த மாட்டிடம் போய்ச் சப்பினால் நோயும் கூடவே போகும்.

இவ்வளவையும் செய்துகொண்டு 15 நாளுக்கு ஒரு தடவை 12 கிண்ணத்தையும் வைத்துப் பாருங்கள். நாள்காட்டியில் எந்தக் காம்பு, கெட்டியா, லேசா என்று குறித்து வையுங்கள், மருத்துவருக்கு அதுதான் மிக உதவும். சந்தை மாடு அடுத்த சினைக்கு ஏழு மாதம் ஆகும்போது, குறித்து வைத்த அந்தத் தாளோடு அவரிடம் வற்றுகால ட்யூபைப் பற்றிக் கேளுங்கள்.

ஒரு நிலையில் மட்டும் கிண்ணம், சோதனை எதற்கும் காத்திருக்க வேண்டாம். மாடு தீனியைத் தொடாமல் நிற்கிறது, உடம்பு கொதிக்கிறது, ஒரு காம்புப் பக்கம் கல்லாக இறுகியிருக்கிறது, பால் மஞ்சள் தண்ணீராகவோ ரத்தமாகவோ வருகிறது என்றால், அதுவும் அந்தப் பக்கம் சில்லென்று ஆறி நீலம் பாய்ந்தால், சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடலாம். நடுராத்திரியாக இருந்தாலும் உங்கள் பக்கத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். பகலில் 1962 எண்ணுக்கும் அழைக்கலாம். அவர் வரும் வரை அந்தக் காம்பைக் கறந்து கறந்து காலி செய்துகொண்டே இருங்கள்.